ஒகாபே–இதோ நிறத்தொகுதி: அறிக்கை வரைபுகளில் நீண்டகாலம் பயன்படுத்திய அனுபவம்

கொழும்பில் ஓர் ஆய்வு அலுவலகத்தில் காலாண்டு அறிக்கைகளுக்கு வரைபுகள் தயாரிப்பது என் வேலைகளில் ஒன்று. நாங்கள் அனுப்பும் கோப்பு முதலில் திரையில் வண்ணத்தில் பார்க்கப்படும். அதன் பிறகு மாவட்டச் செயலகங்களிலும் பிரதேச செயலகங்களிலும் கறுப்பு வெள்ளை லேசர் பிரின்டரில் அச்செடுக்கப்பட்டு, அந்த அச்சும் போட்டோகொப்பி எடுக்கப்பட்டுத்தான் கூட்டத்தில் இருப்பவர்களின் கைக்குப் போகும். ஆகவே ஒரே வரைபு இரண்டு விதமான வாசகர்களுக்குப் புரிய வேண்டும்: சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய இயலாதவர், நிறமே இல்லாத தாளைக் கையில் வைத்திருப்பவர். ஒருவருக்குப் பொருந்தும் நிறங்கள் மற்றவருக்குப் பொருந்திவிடும் என்றுதான் பலரும் எண்ணுகிறார்கள். இந்த நிறத்தொகுதியைச் சில ஆண்டுகளாகப் பயன்படுத்திய பிறகு நான் சொல்லக்கூடிய முக்கியமான செய்தி, அது அப்படியல்ல என்பதே.

மஸடகா ஒகாபே, கெய் இதோ என்ற இரு ஜப்பானிய ஆய்வாளர்கள் 2002 அளவில் முன்வைத்த எட்டு நிறங்கள் இவை: கறுப்பு, செம்மஞ்சள், வான்நீலம், நீலம் கலந்த பச்சை, மஞ்சள், நீலம், செந்தூரச் சிவப்பு, ரோஸ் கலந்த ஊதா. ஆர் என்ற புள்ளியியல் மென்பொருளின் 4.0.0 பதிப்பிலிருந்து, அதாவது 2020 முதல், இது தனியாக எதையும் நிறுவாமலே கிடைக்கிறது. எக்செலில் வேலை செய்பவர்கள் நிறக் குறியீடுகளை ஒருமுறை தட்டச்சு செய்து வைத்துக்கொள்ளலாம். ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் 100 பேருக்கு ஏறத்தாழ 8 பேர் சிவப்பு, பச்சை நிறங்களைப் பிரித்தறிவதில் குறைபாடு உடையவர்கள். ஆசிய ஆண்களிடையே விகிதம் சற்றுக் குறைவு. அப்படியானாலும், முப்பது ஆண்கள் இருக்கும் கூட்ட அறையில் அத்தகைய ஒருவராவது இருப்பார் என்று எடுத்துக்கொண்டு வேலை செய்வதே நியாயம்.

இத்தகையவர்களுக்கு இந்த நிறங்கள் நன்றாக உதவுகின்றன. தூய சிவப்புக்குப் பதிலாகச் செந்தூரச் சிவப்பைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு: சிவப்பை உணரும் கூம்புக் கலங்கள் இல்லாதவருக்குத் தூய சிவப்பு மிகவும் இருண்டு, கறுப்புக்கு அருகில் போய்விடும், செம்மஞ்சள் பக்கம் சாய்த்தால் அந்த இருள் குறையும். பச்சையில் நீலத்தைக் கலந்ததும் அதே நோக்கில்தான். எங்கள் கணக்குப் பிரிவில் பச்சையை உணர்வதில் குறைபாடுள்ள நண்பர் ஒருவர் இருக்கிறார். பழைய சிவப்பு, பச்சைக் கோடுகளில் எது எது என்று என்னிடம் கேட்டுத் தெரிந்துகொண்டவர், இந்த நிறங்களுக்கு மாறிய பிறகு பெரும்பாலும் கேட்பதில்லை. பெரும்பாலும் என்றுதான் சொல்கிறேன். ரோஸ் கலந்த ஊதா அவருக்கு வெறும் சாம்பலாகவே தெரிகிறது. ஆர் மென்பொருள் எட்டு நிறங்களுக்குப் பிறகு ஒன்பதாவதாக ஒரு சாம்பலையும் சேர்த்துத் தருவதால், அவ்விரண்டும் ஒரே வரைபில் மெல்லிய கோடுகளாக வந்தால் அவரால் பிரிக்க முடிவதில்லை. இந்த இரண்டையும் நான் ஒன்றாகப் பயன்படுத்துவதை நிறுத்திவிட்டேன்.

பெரிய குறை அச்சில்தான் தெரியும். நிறத்தைச் சாம்பலாக மாற்றும்போது எஞ்சுவது அதன் வெளிச்ச அளவு மட்டுமே. சிவப்பு, பச்சை, நீலக் கூறுகளை முறையே 0.299, 0.587, 0.114 என்ற எடைகளால் பெருக்கிக் கூட்டினால், கறுப்புக்கு 0, வெள்ளைக்கு 255 என்ற அளவுகோலில் அந்தச் சாம்பல் எங்கே விழும் என்று தோராயமாகத் தெரிந்துவிடும். ஆர் மென்பொருளில் இதற்கு மூன்று வரிகள் போதும்:

```r
pal <- palette.colors(palette = "Okabe-Ito")
x <- col2rgb(pal)
round(colSums(x * c(0.299, 0.587, 0.114)))
```

விடையைப் பார்த்தால் விஷயம் விளங்கும். செம்மஞ்சள் 162, வான்நீலம் 158, ரோஸ் கலந்த ஊதா 151, கடைசிச் சாம்பல் 153. நான்கு நிறங்கள் ஏறக்குறைய ஒரே சாம்பலில் போய் விழுகின்றன. நீலம் கலந்த பச்சை 106, செந்தூரச் சிவப்பு 119. இவற்றுக்கிடையிலும் இடைவெளி போதாது. இதைவிடக் கவனிக்க வேண்டியது வரிசை. தொகுதியில் கறுப்பை அடுத்து வருபவை செம்மஞ்சளும் வான்நீலமும். மூன்று கோடுகள் வேண்டும் என்று முதல் மூன்று நிறங்களை அப்படியே எடுப்பவருக்கு, திரையில் ஒன்றுக்கொன்று மிகத் தூரமாகத் தெரியும் இரண்டு நிறங்கள் தாளில் ஒன்றாகிவிடும். நிறக்குருடு உள்ளவருக்காகச் செய்யப்பட்ட தொகுதி அது. சாம்பல் அச்சுக்கு என்று செய்யப்பட்டதல்ல. அதைக் குற்றமாகச் சொல்வதற்கில்லை, ஆனால் தெரிந்துகொண்டு பயன்படுத்த வேண்டும். எக்செலில் 2013 முதல் பல ஆண்டுகள் இயல்பாக வந்த நிறங்களிலும் இதே சிக்கல் இருக்கிறது: இளநீலமும் பச்சையும் இதே கணக்கில் முறையே 142, 143 என்று வருகின்றன.

ஆகவே நான் தொகுதியிலிருந்து வெளிச்ச அளவின்படி நான்கை மட்டும் எடுத்துக்கொண்டேன்: கறுப்பு 0, நீலம் 87, செம்மஞ்சள் 162, மஞ்சள் 213. திரையில் இவை நான்கு நிறங்கள். தாளில் நான்கு படிகள். எனது நண்பருக்குச் செம்மஞ்சளும் மஞ்சளும் ஒரே சாயலாகத் தெரிந்தாலும், ஒன்று மற்றதைவிடத் தெளிவாக இருண்டிருப்பதால் குழப்பம் வருவதில்லை. பட்டை வரைபுகளில் நான்கையும் பயன்படுத்துகிறேன். ஒவ்வொரு பட்டைக்கும் அரைப் புள்ளித் தடிப்பில் கறுப்பு விளிம்பு கட்டாயம், ஏனெனில் போட்டோகொப்பியில் முதலில் காணாமல் போவது மஞ்சள்தான், விளிம்பு இருந்தால் குறைந்தது பட்டையின் உயரமாவது மிஞ்சும். கோட்டு வரைபுகளில் மஞ்சளைப் பயன்படுத்தவே முடியாது. வெள்ளைத் தாளில் மெல்லிய மஞ்சள் கோடு திரையிலேயே கண்ணுக்குத் தட்டுப்படாது. பட்டைகளுக்குள் சாய்வுக் கோடுகளை நிரப்பும் பழைய வழக்கத்தையும் முயன்று பார்த்தேன்; போட்டோகொப்பியில் அந்தக் கோடுகள் இயந்திரத்தின் புள்ளிகளோடு மோதி அலை அலையாக வருவதால் விட்டுவிட்டேன்.

கோடுகளுக்கு மூன்று நிறங்கள்தான் மிஞ்சுகின்றன. ஐந்து மாவட்டங்களின் வாராந்த டெங்கு நோயாளர் எண்ணிக்கையை ஒரே வரைபில் காட்ட வேண்டியிருந்தபோது இது உண்மையான நெருக்கடியாயிற்று. மேல் மாகாணத்தின் கொழும்பு, கம்பஹா, களுத்துறை ஆகியவற்றை முறையே கறுப்பு, நீலம், செம்மஞ்சள் முழுக்கோடுகளாக வரைந்தேன். மாகாணத்துக்கு வெளியே உள்ள கண்டிக்கு நீல இடைவெட்டுக் கோடு, யாழ்ப்பாணத்துக்குச் செம்மஞ்சள் இடைவெட்டுக் கோடு. இப்படிப் பிரித்ததால் கோட்டின் வகையே ஒரு பொருளைச் சுமக்கிறது: முழுக்கோடு என்றால் மேல் மாகாணம். நிறம் முற்றிலும் போனாலும் அந்தப் பிரிவு போகாது. கோட்டின் தடிப்பை இரண்டு புள்ளிக்குக் குறையாமல் வைத்தேன். லேசர் பிரின்டரிடம் சாம்பல் மை கிடையாது; அது கறுப்புப் புள்ளிகளை இடைவிட்டு இட்டே சாம்பலைக் காட்டுகிறது. மெல்லிய செம்மஞ்சள் கோடு அதனால் புள்ளி புள்ளியாக உடைந்து, நாம் வேண்டுமென்றே வரைந்த இடைவெட்டுக் கோட்டைப் போலவே தோன்றும். இடைவெட்டின் துண்டுகளை நீளமாக வைத்தால்தான் இரண்டும் வேறுபடும்.

பக்கத்தில் ஒரு பெட்டிக்குள் நிறங்களையும் பெயர்களையும் அடுக்கும் வழக்கத்தை இந்த வரைபில் கைவிட்டு, மாவட்டப் பெயரைக் கோட்டின் அருகிலேயே எழுதினேன். இதுவே எல்லாவற்றிலும் பெரிய பயன் தந்த மாற்றம் என்பது என் எண்ணம். நிறத்தேர்வு அதற்கு அடுத்தபடிதான். நடைமுறையில் அது அவ்வளவு எளிதன்று. ஆண்டின் இறுதியில் கொழும்பு, கம்பஹா கோடுகள் நெருங்கி வரும்போது பெயர்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறின. ஒன்றைக் கையால் மேலே தள்ள வேண்டியிருந்தது. யாழ்ப்பாணத்தில் வடகீழ்ப் பருவமழையை ஒட்டி ஆண்டு முடியும் தறுவாயில் எண்ணிக்கை உயர்வதால் அதன் பெயரைக் கோட்டின் முனையில் வைக்காமல் அந்த உச்சத்தின் மேலேயே எழுதிவிட்டேன். எங்கள் அறிக்கை மூன்று மொழிகளிலும் வெளிவருவதால் வலப்பக்க ஓரத்தை மிக நீளமான பெயருக்கு ஏற்ப விட வேண்டும். தமிழ்ப் பதிப்பில் அது எப்போதும் யாழ்ப்பாணம்.

சோதிக்கும் முறையில் ஒரு பொறி இருக்கிறது. விண்டோஸில் நிற வடிகட்டிகள் என்ற வசதி உண்டு. அதிலுள்ள சாம்பல் வடிகட்டி அச்சு எப்படி இருக்கும் என்று ஊகிக்க நல்லது. ஆனால் அதே பட்டியலில் சிவப்பு-பச்சை என்று இருக்கும் வடிகட்டிகள், குறைபாடு உள்ளவர் பார்ப்பதை நமக்குக் காட்டுபவை அல்ல. அவருக்கு வசதியாக நிறங்களை மாற்றித் தருபவை. அதைப் போட்டுப் பார்த்துவிட்டு வரைபு சரியாக இருக்கிறது என்று முடிவு செய்பவர்களைக் கண்டிருக்கிறேன். குறைபாடு உள்ளவரின் கண்ணால் பார்ப்பதற்குக் கலர் ஒராக்கிள் என்ற இலவச மென்பொருளையோ, குரோம் உலாவியின் டெவலப்பர் கருவிகளில் உள்ள பார்வைக் குறைபாட்டுப் போலியாக்கத்தையோ பயன்படுத்தலாம். அச்சுக்கு எந்தத் திரையும் ஈடாகாது: ஒரு தாள் எடுத்து, அதை ஒருமுறை போட்டோகொப்பி எடுத்து, அந்தக் கொப்பியைக் கையை நீட்டிப் பிடித்துப் பார்க்கிறேன். எந்த இரண்டு கோடுகளைப் பெயரைப் படிக்காமல் பிரிக்க முடியவில்லையோ அவற்றுக்குத் திரும்பிப் போகிறேன்.

மாவட்ட வரைபடங்களில் எண்ணிக்கையின் அளவைச் சாயத்தால் காட்டும்போது இந்தத் தொகுதி பயன்படாது. அதற்கு விரிடிஸ் என்ற தொடர் நிறவரிசையை எடுக்கிறேன். அடர் ஊதாவில் தொடங்கி மஞ்சளில் முடியும் அது முழுவதும் வெளிச்சம் சீராக ஏறுவதால் சாம்பலிலும் வரிசை குலைவதில்லை. இயல்பு நிலையில் குறைந்த எண்ணிக்கைக்கு இருண்ட நிறம் வருவதால், வெள்ளைத் தாளில் இருண்ட இடமே அதிகம் என்று படிக்கும் நமது வாசகருக்காக அதைத் தலைகீழாக்க வேண்டும். `direction = -1` என்று கொடுத்தால் போதும். கொப்பியில் நான்கு படிகளுக்கு மேல் பிரித்துப் படிக்க முடிவதில்லை என்பதால் வகுப்புகளை நான்கோடு நிறுத்திக்கொள்கிறேன்.

கோட்டு வரைபில் ஆறாவது மாவட்டத்தைச் சேர்க்கச் சொல்லும்போது மறுத்துவிடுகிறேன். மூன்று நிறங்களும் இரண்டு கோட்டு வகைகளும் சேர்ந்து ஆறு சேர்க்கைகள் கிடைக்கும் என்பது கணக்கில் சரிதான். ஆனால் கறுப்பு இடைவெட்டும் நீல இடைவெட்டும் கொப்பியில் ஏறக்குறைய ஒன்றே. அப்படிக் கேட்கும்போது, அல்லது 25 மாவட்டங்களையும் காட்டச் சொல்லும்போது, ஒவ்வொரு மாவட்டத்துக்கும் ஒரு சிறு கட்டம் ஒதுக்கி, எல்லாவற்றுக்கும் ஒரே அளவுகோல் வைத்து, அந்த மாவட்டத்தைக் கறுப்பிலும் நாட்டுச் சராசரியைச் சாம்பலிலும் வரைந்து அனுப்புகிறேன்.