ஸ்க்ரூ கேப்பா, சிமெண்ட் கேப்பா? இம்ப்ளாண்டைச் சுற்றிச் சீழ் வைப்பதை வைத்து ஓர் ஒப்பீடு

திருமங்கலத்திலிருந்து வந்த ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், கீழ்த்தாடையின் வலப்பக்க முதல் கடைவாய்ப்பல் இருந்த இடத்தில் இரண்டு ஆண்டுகளுக்கு முன் வேறொரு கிளினிக்கில் இம்ப்ளாண்ட் எனும் டைட்டானியச் செயற்கை வேரை எலும்புக்குள் வைத்துக்கொண்டவர். வலி இல்லை, ஆட்டம் இல்லை. முறுக்கைக்கூட அந்தப் பக்கமே கடித்து வந்தார். பல் துலக்கும்போது அந்த ஓரிடத்தில் மட்டும் ரத்தம் கசிகிறது, காலையில் வாயில் ஒரு கெட்ட சுவை இருக்கிறது என்பதுதான் அவர் சொன்ன குறை. "பல்லு கல்லு மாதிரி இருக்கு டாக்டர், ஈறுதான் கொஞ்சம் புண்ணா இருக்கும்போல" என்றார். மதுரையில் நான் பல் மருத்துவம் பார்க்கும் இத்தனை ஆண்டுகளில், இம்ப்ளாண்ட் நோயின் முதல் அறிகுறி பெரும்பாலும் இதே அமைதியோடுதான் என் முன் வந்து உட்கார்ந்திருக்கிறது.

இம்ப்ளாண்டின் மேல் வைக்கும் பல் வடிவக் கேப்பை இரண்டு வழிகளில் பொருத்தலாம். முதல் வழியில், எலும்புக்குள் இருக்கும் இம்ப்ளாண்டின் மேல் அபட்மெண்ட் எனும் சிறு உலோக இடைத்துண்டை ஸ்க்ரூவால் முடுக்கிவிட்டு, அதன்மேல் கேப்பைச் சிமெண்ட் வைத்து ஒட்டுகிறோம். இரண்டாம் வழியில் கேப்பும் இடைத்துண்டும் வெளியிலேயே ஒன்றாக்கப்பட்டு, கேப்பின் நடுவில் விடப்பட்ட துளை வழியாக ஒரே ஸ்க்ரூவால் நேராக இம்ப்ளாண்டில் முடுக்கப்படுகின்றன. துளையில் டெஃப்லான் டேப்பைத் திணித்து, மேலே பல் நிறத்தில் அடைத்துவிடுகிறோம். எது அழகு, எது மலிவு என்றுதான் நோயாளிகள் கேட்கிறார்கள். கிருமித் தொற்றை வைத்துப் பார்த்தால் இந்த இரண்டுக்கும் இடையில் பெரிய வித்தியாசம் இருக்கிறது. அதன் காரணம் இம்ப்ளாண்டைச் சுற்றியுள்ள ஈறின் அமைப்பில் உள்ளது.

முதலில் எலும்பு சேர்வதைச் சொல்லிவிட வேண்டும். டைட்டானியத்தோடு எலும்பு நேரடியாகச் சேர்ந்துகொள்வதை 1950-களில் முயலின் கால் எலும்பில் கண்டவர் ஸ்வீடனைச் சேர்ந்த பெர்-இங்வார் பிரான்மார்க். 1965-இல் அவர் ஒரு மனிதரின் தாடையில் முதன்முறையாக இம்ப்ளாண்டுகளை வைத்தார். வைத்த அன்று இம்ப்ளாண்ட் உறுதியாக நிற்பது, மரத்தில் இறங்கிய ஆணியைப் போன்ற வெறும் பிடிப்பினால்தான். அதன்பின் விளிம்பிலுள்ள பழைய எலும்பு கரைந்து புதிய எலும்பு உருவாவதால், ஏறத்தாழ மூன்றாம், நான்காம் வாரங்களில் பிடிப்பு ஒருமுறை குறைந்து, பிறகு உயிருள்ள எலும்பின் பிடிப்பாக மீண்டும் ஏறுகிறது. துளையிடும்போது எலும்பு 47 டிகிரி செல்சியஸுக்குச் சூடேறி ஒரு நிமிடம் அப்படியே இருந்தாலும் அந்த இடத்து எலும்பு செத்துவிடும். அப்போது இந்த இரண்டாம் பிடிப்பு வருவதே இல்லை. தண்ணீர் தெளித்துக்கொண்டே மெதுவாகத் துளையிடுவது அதற்காகத்தான். எலும்பு சேராமல் போனால் அது முதல் சில வாரங்களிலோ, கேப் வைக்க வரும்போதோ தெரிந்துவிடும். இம்ப்ளாண்ட் முழுவதுமாகச் சுழலும் அல்லது வலிக்கும். ஆசிரியைக்கு அப்படி எதுவும் நடக்கவில்லை. அவருடைய எலும்பு நன்றாகவே சேர்ந்திருந்தது. கோளாறு வந்தது அதற்குப் பின்பு.

சொந்தப் பல்லில் ஈறின் நார்கள் வேருக்குள் குறுக்காகப் புகுந்து பிடித்திருக்கும். வேருக்கும் எலும்புக்கும் நடுவே ஒரு மெல்லிய சவ்வும், அதன் ரத்த ஓட்டமும் உண்டு. இம்ப்ளாண்டில் அந்தச் சவ்வு கிடையாது. நார்கள் உலோகத்தில் பிணையாமல், பெரும்பாலும் அதற்கு இணையாகவோ வளையமாகவோ சுற்றி நிற்கின்றன. ஆகவே சிமெண்டைத் தடவி கேப்பை அழுத்தும்போது, வழியும் சிமெண்டைத் தடுத்து நிறுத்தும் வலு அந்த ஈறுக்கு இல்லை. அது ஈறைப் பிளந்துகொண்டு கீழே இறங்கிவிடுகிறது. கேப்பின் விளிம்பு ஈறுக்கு அடியில் 2, 3 மில்லிமீட்டர் ஆழத்தில் இருந்தால், எவ்வளவு கவனமான கையும் அதைக் கண்ணால் பார்க்காமல் முழுவதும் எடுத்துவிட முடியாது. அப்படித் தங்கிய சிமெண்டின் சொரசொரப்பில் பற்காரைக் கிருமிகள் குடியேறுகின்றன. பல் துலக்கும் பிரஷ் அங்கே எட்டாது. 2009-இல் வெளியான ஓர் ஆய்வில், சிமெண்டால் ஒட்டிய கேப்பைச் சுற்றி நோய் அறிகுறி காட்டிய இம்ப்ளாண்டுகளில் 81 விழுக்காட்டில் மிச்சச் சிமெண்ட் காணப்பட்டது. அதை அகற்றிய பிறகு 74 விழுக்காட்டில் அறிகுறிகள் மறைந்தன. 39 நோயாளிகளை மட்டும் கொண்ட சிறிய ஆய்வு என்றாலும், நாற்காலியில் நான் காண்பதோடு அது ஒத்துப்போகிறது.

ஆசிரியைக்கு என்ன செய்தோம் என்பதிலேயே நோயை அடையாளம் காணும் முறை முழுவதும் அடங்கியிருக்கிறது. மில்லிமீட்டர் கோடுகள் போட்ட மெல்லிய அளவுக்கோலை ஈறுக்கும் கேப்புக்கும் இடையில், கையின் கனம்கூட விழாதபடி மெதுவாக இறக்கினேன். முன்புறமும் நாக்குப் பக்கமும் 3, 4 மில்லிமீட்டரில் நின்ற கோல், பின்பக்க மூலையில் 7 வரை இறங்கியது; எடுத்ததும் ரத்தம் கசிந்தது, கன்னத்துப் பக்கம் ஈறை விரலால் அழுத்தியபோது மஞ்சளாக ஒரு சொட்டுச் சீழ் வந்தது. ரத்தம் மட்டும் வந்து எலும்பு குறையாமல் இருந்தால் அது ஈறழற்சி. சுத்தம் செய்தால் பெரும்பாலும் திரும்பிவிடும். எலும்பும் கரைந்திருந்தால்தான் அது இம்ப்ளாண்டைச் சுற்றிய எலும்பு நோய். இரண்டையும் பிரித்தறிய எக்ஸ்-ரே வேண்டும், அதுவும் பழைய எக்ஸ்-ரேயோடு ஒப்பிட வேண்டும். நல்ல வேளையாக, கேப் வைத்த அன்று எடுத்த படத்தை அவர் கவரோடு பத்திரமாக வைத்திருந்தார். அதில் எலும்பு இம்ப்ளாண்டின் கழுத்தளவுக்கு இருந்தது. இப்போதோ பின்பக்கத்தில் மூன்று மரைகள் வெளியே தெரிந்தன. அந்த இம்ப்ளாண்டில் ஒரு மரைக்கும் அடுத்த மரைக்கும் இடைவெளி 0.8 மில்லிமீட்டர் என்பதால், கரைந்தது ஏறத்தாழ இரண்டரை மில்லிமீட்டர். முதல் ஆண்டில் எலும்பின் மேல்விளிம்பு சிறிது அமர்வது இயல்புதான்; ஆனால் இந்த அளவு கரைவதும், கூடவே சீழ் வருவதும் இயல்பு அல்ல.

பழைய படம் இல்லாமல் வருகிறவர்களே அதிகம். அவர்களிடத்தில், கோல் 6 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ இறங்கி, ரத்தம் வந்து, எலும்பு 3 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ குறைந்திருந்தால் எலும்பு நோய் என்று கொள்ளலாம் என்பது 2017-இல் ஈறு நோய்களையும் இம்ப்ளாண்ட் நோய்களையும் வகைப்படுத்த நடந்த உலகப் பட்டறையின் வரையறை. ஆட்டம் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துத் திருப்தி அடைந்துவிடக் கூடாது. மேல்பக்க எலும்பு கரைந்தாலும் அடியிலுள்ள மரைகள் பிடித்துக்கொண்டிருப்பதால், பல் கல் மாதிரியே நிற்கும். ஆட ஆரம்பித்தால் பல நேரங்களில் உள்ளே ஸ்க்ரூ தளர்ந்திருக்கும். இம்ப்ளாண்டே ஆடுகிறது என்றால் அதைக் காப்பாற்றுவது அநேகமாக முடியாது.

சிமெண்ட் கேப்பின் பெரிய சிக்கலை அடுத்துக் கண்டோம். ஈறுக்கடியில் சுத்தம் செய்ய வேண்டும், ஆனால் கேப்பைக் கழற்ற வழியில்லை. எக்ஸ்-ரேயில் ஸ்க்ரூவின் கோணத்தைப் பார்த்து, கேப்பின் மேற்புறத்தில் அளந்து துளையிட்டு, உள்ளே இருந்த ஸ்க்ரூவைத் திருகி, கேப்பையும் இடைத்துண்டையும் சேர்த்தே வெளியே எடுத்தேன். விளிம்புக்குக் கீழே, பின்பக்கத்தில், அரிசி நொய் அளவில் ஒரு மஞ்சள் வெள்ளைத் துணுக்கு ஒட்டியிருந்தது. கண்ணாடித் தட்டில் வைத்துக் காட்டியபோது, "இத்தினிக்காண்டு சிமெண்ட்தான் இவ்வளவும் செஞ்சுச்சா?" என்று அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். ஈறைத் திறந்து, டைட்டானியம் நுனியுள்ள கருவியால் மரைகளைச் சுத்தம் செய்து, உப்புநீரால் கழுவித் தைத்தோம். ஆறு வாரம் கழித்து அதே கேப்பை, துளையிட்ட வடிவிலேயே, புதிய ஸ்க்ரூவால் முடுக்கினோம். அதாவது அவருடைய சிமெண்ட் கேப் ஸ்க்ரூ கேப்பாக மாறிவிட்டது. மூன்று மாதத்தில் அந்த மூலையில் அளவு 4 மில்லிமீட்டராகக் குறைந்து, ரத்தக் கசிவும் நின்றது. கரைந்த எலும்பு திரும்பி வளரவில்லை. ஓராண்டுக்குப் பின் எடுத்த படத்திலும் அதே இடத்தில் நிற்கிறது.

இதனால் ஸ்க்ரூ கேப் குறையற்றது என்று நான் சொல்லவில்லை. ஸ்க்ரூ தளரும். அப்போது இம்ப்ளாண்டுக்கும் கேப்புக்கும் நடுவே ஒரு நூலிடைவெளி திறந்து, அதில் கிருமி சேர்ந்து, ஈறில் ஒரு சீழ்ப்பரு எழும்பும். பார்க்க எலும்பு நோயைப் போலவே இருக்கும். டார்க் ரெஞ்சில், அதாவது விசையை அளந்து முடுக்கும் கருவியில், தயாரிப்பாளர் சொல்லும் அளவுக்கு முடுக்கி, பத்து நிமிடம் கழித்து மறுபடி முடுக்கினால் தளர்வு குறைகிறது. முதலில் முடுக்கியதும் ஸ்க்ரூவின் பரப்புகள் அமுங்கிச் சிறிது இளகுவதால்தான் மறுபடி முடுக்க வேண்டியிருக்கிறது. துளையின் அடைப்பும் கடிக்கும் இடத்தில் இருப்பதால் தேய்ந்து போகலாம். ஆனால் இந்தக் குறைகள் எல்லாவற்றையும் கேப்பைக் கழற்றிச் சரி செய்துவிடலாம். கடைவாய்ப் பல்லுக்கு ஸ்க்ரூ கேப்பையே நான் தேர்ந்தெடுப்பதற்கு இந்த ஒன்றே போதும்.

முன்பல்லில் கணக்கு மாறுகிறது. மேல்தாடையின் முன்பகுதியில் எலும்பு உதட்டுப் பக்கம் சாய்ந்திருப்பதால், இம்ப்ளாண்டின் கோணத்தில் துளையிட்டால் அது சிரிக்கும்போது தெரியும் முகப்பில் வந்து திறக்கும். சுமார் 25 டிகிரி வரை கோணத்தைத் திருப்பும் சாய்துளை இடைத்துண்டுகள் உண்டு. அவை பொருந்தாத இடத்தில் சிமெண்ட்தான் வழி. அப்படி ஒட்டும்போது கேப்பின் விளிம்பு ஈறு மட்டத்திலோ அதற்கு அரை மில்லிமீட்டர், அதிகம் போனால் ஒரு மில்லிமீட்டர் கீழாகவோ இருக்குமாறு இடைத்துண்டைச் செய்யச் சொல்வேன். சிமெண்டை விளிம்பில் மெல்லிய ஒரு கோடாகத் தடவி, வாய்க்கு வெளியே இடைத்துண்டின் நகல் ஒன்றில் ஒருமுறை பொருத்தி எடுத்து, மிகுதியை அங்கேயே வழித்துவிட்டுத்தான் வாயில் வைக்கிறேன். எக்ஸ்-ரேயில் வெள்ளையாகத் தெரியும் சிமெண்டாக இருக்க வேண்டும். ரெசின் வகைகளில் சில தெரியாது. ஒன்றை மறந்துவிடக் கூடாது: எக்ஸ்-ரே பக்கவாட்டு விளிம்புகளை மட்டுமே காட்டும், உதட்டுப் பக்கமும் நாக்குப் பக்கமும் தங்கிய துணுக்கு இம்ப்ளாண்டின் நிழலில் மறைந்துவிடும். ஆகவே ஒட்டிய இரண்டு, மூன்று வாரத்தில் அளவுக்கோலால் பார்ப்பதை நான் விடுவதில்லை.

முன்பு ஈறு நோயால் பல் இழந்தவர், புகை பிடிப்பவர், சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர் ஆகியோருக்கு எந்த வகை கேப்பாக இருந்தாலும் ஆபத்து கூடுதல்; அவர்களுக்கு ஆழத்தில் சிமெண்ட் விடுவதை நான் ஒப்புக்கொள்வதில்லை. ஆசிரியைக்கும் சர்க்கரை உண்டு. இப்போது மூன்று மாதத்துக்கு ஒருமுறை வருகிறார். இடைப்பல் பிரஷை அந்தப் பல்லின் இருபுறமும் தினமும் ஓட்டுகிறார். கேப் வகை, ஸ்க்ரூவின் அளவு, வைத்த தேதி ஆகியவற்றை எழுதிய அட்டையை எக்ஸ்-ரே கவரிலேயே செருகி வைத்திருக்கிறார்.