ஒரே ஸ்டிக்கர், ஒரே தொகை, மூன்று பில்

குடியாத்தத்தில் பாத்திரக் கடை தொடங்கவிருக்கும் நண்பர் ஒருவர், கல்லாவில் ஒட்டும் கியூஆர் ஸ்டிக்கர் போதுமா, வேறு ஏதாவது வாங்க வேண்டுமா என்று கேட்டிருந்தார். வேலூரில் காந்தி ரோட்டை ஒட்டிய சந்து ஒன்றில் சர்ஜிக்கல் பொருள்கள் விற்கும் எங்கள் கடையில் அந்த ஸ்டிக்கர் பல ஆண்டுகளாக இருக்கிறது. ஸ்கேன் செய்வது எப்படி, பணம் எப்படி வருகிறது என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததே என்பதால், இரவு கடை அடைக்கும் நேரத்தில் தினமும் என் பொறுமையைச் சோதிக்கும் ஒரே விஷயத்தைப் பற்றி, அதாவது வந்த பணம் எந்தப் பில்லுக்கு உரியது என்று பொருத்துவதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

எங்கள் வங்கியின் வணிகர் செயலி, வந்த பணத்தைத் தொகையாகவும் நேரமாகவும் மட்டுமே காட்டுகிறது. அனுப்பியவர் பெயர் இல்லை. வாடிக்கையாளரின் போனில் தெரியும் 12 இலக்க பரிவர்த்தனை எண்ணும் இந்தப் பட்டியலில் இல்லை. ஸ்டிக்கரில் எங்கள் யுபிஐ முகவரியும் கடைப் பெயரும் தவிர வேறெதுவும் இல்லாததால், எந்தப் பில்லுக்கான பணம் என்பது அனுப்பும்போதே பணத்தோடு சேர்வதில்லை. வங்கி மறைக்கிறது என்று திட்டுவதில் பாதி நியாயம்தான் இருக்கிறது. பில் எண் என்ற தகவல் அந்தப் பரிவர்த்தனைக்குள் நுழையவே இல்லை என்பதே மீதி.

மளிகைக் கடையில் 187, 342 என்று தொகைகள் தாமாகவே வேறுபடும். எங்கள் கடையில் அப்படி இல்லை. முழங்கால் கேப் ஜோடி 380, இடுப்பு பெல்ட் 650 என்று ஒரே விலைப் பொருள்களே மாலையெல்லாம் போகும். சிஎம்சி மருத்துவமனைக்கு வருகிறவர்களில் வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வருகிறவர்கள் அதிகம். நோயாளியோடு இருப்பவர் பொருளை வாங்குவார், ஸ்டிக்கரைப் படம் எடுத்து ஊரிலுள்ள அண்ணனுக்கு அனுப்புவார், பணம் அங்கிருந்து வரும். பில் போட்ட நேரத்துக்கும் வரவு விழுந்த நேரத்துக்கும் இடையே இரண்டு நிமிடமும் ஆகலாம், இரண்டு மணி நேரமும் ஆகலாம்.

நேரத்தை வைத்துப் பொருத்திக்கொள்ளலாமே என்று நண்பர் கேட்பார். ஒரு மாலையின் கணக்கை அப்படியே சொல்கிறேன். பில் 214 மாலை 7:12-க்கும், 215 7:14-க்கும், 219 7:21-க்கும் போடப்பட்டன. மூன்றும் 380 ரூபாய். வங்கிப் பட்டியலில் 380 இரண்டே முறை இருந்தது: 7:16, 7:23. பில் போடுவதற்கு முன்பே அதற்கான பணம் வர வாய்ப்பில்லை என்ற ஒரு விதி மட்டும்தான் நம் கையில் இருக்கிறது. அதன்படி 7:16 வரவு 219-க்கு உரியதாக இருக்க முடியாது. 214 அல்லது 215. ஆனால் 7:23 வரவு மிஞ்சிய இரண்டில் எதற்கு வேண்டுமானாலும் உரியதாக இருக்கலாம். ஆகவே பணம் வராத பில் 214-ஆ, 215-ஆ, 219-ஆ என்று நேரத்தை மட்டும் வைத்து யாராலும் சொல்ல முடியாது. வரிசைப்படி முதல் வரவை முதல் பில்லுக்குப் போட்டுக்கொண்டால் பக்கம் அழகாக இருக்கும், அவ்வளவுதான்.

அன்றைக்கு இதைவிட ஏமாற்றக்கூடிய ஒன்றும் இருந்தது. போனில் கட்டியதாகக் குறித்த பில்களின் கூட்டு 41,260. வங்கிக்கு வந்தது 41,240. இருபது ரூபாய்தானே, யாரோ குறைத்து அழுத்தியிருப்பார்கள் என்று எழுதித் தள்ளிவிடத் தோன்றும். உண்மையில் 380 ரூபாய் வரவில்லை, அதே நேரத்தில் பில்லே இல்லாத 360 ரூபாய் 6:58-க்கு வந்திருந்தது; இரண்டும் சேர்ந்து இருபதாகச் சுருங்கித் தெரிந்தன. கல்லாவை எண்ணியபோது ரொக்கத்தில் சரியாக 360 குறைந்ததுதான் துப்பு. பில் 208, 860 ரூபாய். வாங்கியவர் ஐந்நூறு ரூபாய் நோட்டு ஒன்றைக் கொடுத்துவிட்டு மிச்சத்தைப் போனில் அனுப்பியிருக்க, கவுன்டர் பையன் பில் முழுவதையும் ரொக்கம் என்று குறித்திருந்தான். எனவே நண்பருக்கு முதல் அறிவுரை: கூட்டுத்தொகைகளின் வித்தியாசத்தைப் பார்த்து முடிவுக்கு வராதீர்கள். பில்களிலும் வங்கிப் பட்டியலிலும் ஒவ்வொரு முறை மட்டும் வந்த தொகைகளை முதலில் அடித்துவிடுங்கள். அதற்குப் பின் இரு பக்கமும் மிஞ்சுகிறவை ஒரு சிறிய தாளில் அடங்கும். அந்தத் தாளை ரொக்கக் குறைவோடும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

வராத 380 மறுநாள்தான் விளங்கியது. 215-ஐ வாங்கிய பெண்ணின் போனில் பணம் ‘செயலாக்கத்தில்’ என்று நின்றிருந்தது. அவர் போய்விட்டது என்று நினைத்தார், பையனும் தலையாட்டிவிட்டான். இரவு அது தோல்வியடைந்ததாகச் செய்தி வர, ஊரிலிருந்து அண்ணன் 10:52-க்கு மறுபடியும் அனுப்பியிருந்தார். காலையில் அந்தப் பெண்ணே வந்து, “அண்ணா, ராத்திரி அனுப்பிட்டாங்க, பாருங்க” என்று போனை நீட்டினார். இவ்வளவு நேர்மையானவர்கள் எல்லா நாளும் வருவதில்லை என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். இப்படிப் பணம் பிடிக்கப்பட்டும் கடைக்கு உறுதி வராமல் நின்றால், ரிசர்வ் வங்கியின் 2019 செப்டம்பர் சுற்றறிக்கைப்படி ஐந்து நாள்களுக்குள் அது வாடிக்கையாளர் கணக்குக்குத் தானாகத் திரும்ப வேண்டும். தாண்டினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு. அதனால் ‘செயலாக்கத்தில்’ என்று தெரியும் போனை வைத்துக்கொண்டு பொருளைக் கொடுத்தால், பணம் யாரிடம் போய்ச் சேரும் என்பது அன்றிரவு யாருக்கும் தெரியாது. அந்த நேரத்தில் வாடிக்கையாளரின் போனிலுள்ள 12 இலக்க எண்ணின் கடைசி நான்கு இலக்கங்களையாவது பில்லில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். செயலிப் பட்டியலில் அது இல்லாவிட்டாலும், கிளையில் விசாரிக்கும்போது பேச்சைத் தொடங்க அதுதான் உதவும்.

இனி மகிழ்ச்சி தந்த பகுதி. இதற்கு மருந்தாக எங்கள் கணக்கர் சொன்னது பைசா. பில் எண்ணை இருபதால் வகுத்து வரும் மீதியைப் பைசாவாக எடுத்து, பில் தொகையிலிருந்து கழித்துவிடுவது. 214-க்கு மீதி 14, ஆகவே 379.86, 215-க்கு 15, 379.85, 219-க்கு 19, 379.81. அந்த மாலையில் இந்த முறை இருந்திருந்தால், பட்டியலில் .86-ம் .81-ம் மட்டும் இருந்து, வராதது 215 என்று பார்த்த மாத்திரத்தில் தெரிந்திருக்கும். கூட்டுவதைவிடக் கழிப்பது நல்லது, ஏனென்றால் குறையும்போது யாரும் சண்டைக்கு வருவதில்லை; பில்லில் ‘ரவுண்ட் ஆஃப்’ வரியில் அது உட்கார்ந்துவிடும். சராசரியாக ஒரு பில்லுக்கு ஒன்பதரைப் பைசா, நூறு பில்லுக்கு ஒன்பதரை ரூபாய். ஒரு டீ விலைக்கு ஓர் இரவின் தலைவலி போகிறது.

ஆனால் ஸ்டிக்கரை ஸ்கேன் செய்து 379.86 என்று தட்டச்சு செய்யச் சொன்னால், பத்துப் பேரில் பெரும்பாலோர் 380 என்றே போடுகிறார்கள். வயதானவர்களுக்குப் புள்ளி எங்கிருக்கிறது என்று தேடவே நேரமாகிறது. எனவே தொகையை நாமே எழுதிவிட்ட கியூஆரைப் பில்லின் அடியில் அச்சிட்டோம். ஸ்டிக்கருக்குள் இருப்பதும் பில்லில் அச்சாவதும் இவ்வளவுதான் வேறுபடும்:

```
upi://pay?pa=kadai@bank&pn=KADAI&cu=INR
upi://pay?pa=kadai@bank&pn=KADAI&am=379.86&cu=INR&tn=BILL214
```

`am` என்பது தொகை. அது இருந்தால் வாடிக்கையாளர் எதையும் தட்டச்சு செய்ய வேண்டியதில்லை. `tn` என்ற குறிப்பில் பில் எண்ணைப் போட்டதும் பிரச்சினை தீர்ந்தது என்று எண்ண வேண்டாம். வாடிக்கையாளரின் திரையில் அது தெரியும், எங்கள் வங்கிப் பட்டியலில் வருவதில்லை. வங்கி காட்டுகிற இரண்டே விஷயங்களில் ஒன்றான தொகைக்குள்ளேயே பில்லின் அடையாளத்தை ஒளித்து வைப்பதுதான் இந்த முறையின் சூட்சுமம். சவுண்ட் பாக்ஸ் “முந்நூற்றெழுபத்தொன்பது ரூபாய் எண்பத்தாறு பைசா” என்று அறிவிக்கும்போது, கவுன்டரில் இருப்பவர் தலையைத் தூக்காமலே 214-ல் கோடு போடுகிறார். கேட்க வேடிக்கையாக இருந்தாலும், இந்தக் கடையில் எனக்கு மிகவும் பிடித்த சத்தம் இப்போது அதுதான்.

எதிர்பாராத ஒரு நன்மையும் கிடைத்தது. ஒருவர் இரண்டு பில்லுக்கும் சேர்த்து ஒரே முறையாக அனுப்பும்போது கழிவுகளும் கூடிவிடும், 379.86-ம் 119.83-ம் சேர்ந்தால் 499.69. முழு ரூபாய்க்கு 31 பைசா குறைகிறது, ஒரு பில்லில் 19 பைசாவுக்கு மேல் கழிக்கவே முடியாது என்பதால், இது இரண்டு பில்லின் கூட்டு என்று உடனே புரிகிறது. முழு ரூபாயாக வந்தவை பெரும்பாலும் ஸ்டிக்கரில் வந்தவை. அவை தனிக் குவியலாக ஒதுங்கிவிடுவதால், பழைய முறையில் தேட வேண்டிய இடம் சிறிதாகிவிட்டது.

நியாயமாகச் சொன்னால் ஸ்டிக்கர் எங்களுக்குப் பணம் செலவில்லாமல் வந்தது, 2020 ஜனவரியிலிருந்து வங்கிக் கணக்கிலிருந்து வரும் யுபிஐ பணத்துக்கு வணிகர் கட்டணமும் இல்லை, சில்லறைத் தகராறு ஒழிந்தது, கள்ளநோட்டுப் பயம் குறைந்தது. இத்தனைக்குப் பிறகும், வரவு விழும் நொடியில் வங்கியின் கணினிக்கு அந்த 12 இலக்க எண் தெரிந்திருக்கிறது என்பதை நினைக்கும்போது எனக்குக் கோபம் வராமல் இருப்பதில்லை. அதைப் பட்டியலில் மூன்றாவது கட்டமாகக் காட்டினால் போதும். ஒரு வரி நிரலுக்காக நாங்கள் பைசாவைக் கழித்துக்கொண்டிருக்கிறோம். கிளையில் எழுதிக் கொடுத்ததற்கு, மேலிடத்துக்கு அனுப்புகிறோம் என்ற பதிலே திரும்பத் திரும்ப வருகிறது.

ஆகவே குடியாத்தத்துக்கு என் பதில்: எங்கள் கடையில் ஸ்டிக்கர் இருக்கும், அதை எடுக்கப்போவதில்லை. உங்கள் பாத்திரக் கடையில் கிலோக் கணக்கில் எடை போட்டு விற்கும் பொருளுக்குத் தொகைகள் தாமே வேறுபடும், அங்கே ஸ்டிக்கர் தாராளமாகப் போதும். ஆனால் டம்ளர், கரண்டி, தட்டு என்று ஒரே விலையில் அடுக்கி விற்கப்போகிற பகுதிக்கு ஸ்டிக்கரை ஒட்டவே ஒட்டாதீர்கள். கியூஆர் அச்சிடும் பில் பிரின்டர் வாங்கும் வரை அங்கே ரொக்கம் மட்டும் என்று எழுதி வையுங்கள். வாங்குகிறவர்கள் முணுமுணுப்பார்கள், முணுமுணுக்கட்டும்.