மலிவான கட்டணமா, ரத்து செய்யக்கூடிய கட்டணமா?

ஹோட்டலில் ஒரே அறை, இரண்டு விலை. குறைந்த விலைக்குப் பணம் இப்போதே போகும். ரத்து செய்தால் திரும்பாது. கூடுதல் விலைக்குக் கெடு வரை இலவசமாக ரத்து செய்யலாம். அந்தக் கெடுவை உற்றுப் பாருங்கள். 10ஆம் தேதி மதியம் 2 மணிக்கு செக்-இன், 48 மணி நேரம் முன்பு வரை ரத்து என்றால், 8ஆம் தேதி 2 மணியோடு சரி. அதுவும் பெரும்பாலும் ஹோட்டல் இருக்கும் ஊர் நேரப்படி. தாண்டினால் பல இடங்களில் முதல் இரவு வாடகை போய்விடும். பயணத் தேதி உறுதியாகாதவரை நான் இரண்டாவதையே எடுப்பேன்.

வரி சேர்ந்ததா, அங்கே போய்க் கட்டுவதா என்று இரண்டிலும் பாருங்கள். அப்புறம் டெபாசிட்: முழுப் பணமும் கட்டியிருந்தாலும் செக்-இன்னில் ஹோட்டல் உங்கள் கார்டில் ஒரு தொகையை நிறுத்தி வைக்கலாம். டெபிட் கார்டு என்றால் கையிலுள்ள பணமே முடங்கும். அறையைக் காலி செய்த பிறகும் விடுபடச் சில நாள் ஆகலாம். கிரெடிட் கார்டில் வரம்பு மட்டும்தான் குறையும்.