"வருவார் செல்வார்": பாசுரப் பொருள் பக்கத்துக்கு எந்தத் தலைப்பு வைப்பது?

நாகர்கோவிலை ஒட்டியிருக்கிற திருப்பதிசாரம் கோயிலுக்கு நம்மாழ்வார் பாடிய பாசுரம் ஒன்றே ஒன்றுதான், திருவாய்மொழி 8.3.7. "வருவார் செல்வார் வண்பரிசாரத்து இருந்த என் திருவாழ்மார்வற்கு என் திறம் சொல்லார்" என்று தொடங்கும். பாசுரத்தில் வண்பரிசாரம் எனப்படும் அந்த ஊருக்கு வருகிறவர்களும் போகிறவர்களும் இருக்கிறார்களே, சங்கு சக்கரம் சுமந்து உன்னோடு கூடவே திரிய இங்கே ஓர் அடியான் உண்டு என்று அங்கே இருக்கும் பெருமாளிடம் யாரும் சொல்லவில்லையே என்கிற ஏக்கம். ஆழ்வாரின் தாயார் உடையநங்கை பிறந்த ஊர் இது என்பது மரபு. கோயிலில் இந்தப் பாசுரத்தைக் கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்து போனில் பொருள் தேடுகிறவருக்கு அது கிடைக்க வேண்டும் என்பதுதான் என் அக்கறை. அப்படித் தேடுகிறவர்களில் சிலர் தமிழில் தட்டுவார்கள், பலர் ஆங்கில எழுத்தில் தட்டுவார்கள். இருவருக்கும் பொருந்தும் தலைப்பு எது என்று இந்த ஒரு பாசுரத்தை வைத்தே பார்ப்போம்.

முதல் போட்டி மொழியில் இல்லை, பக்கத்தின் அளவில். இந்தப் பாசுரம் வரும் பதிகத்தின் பதினொரு பாசுரங்களையும் ஒரே பக்கத்தில் போட்டு, பதிகத்தின் முதல் வரியான "அங்கும் இங்கும்" என்பதைத் தலைப்பாக வைப்பது வழக்கம். புத்தகத்துக்கு அது சரி. ஆனால் "வருவார் செல்வார்" என்று தேடுகிறவர் கண்ணில் "அங்கும் இங்கும்" என்ற தலைப்பு பட்டால், இது வேறு பாட்டு என்று தாண்டிப் போய்விடுவார். உள்ளே ஏழாவதாக அது இருப்பது அவருக்கு எப்படித் தெரியும்? ஊர்க்காரர்கள் தனியாகப் பாடும் பாசுரத்துக்குத் தனிப் பக்கம் வேண்டும். பதிகப் பக்கமும் இருக்கட்டும், அதிலிருந்து இதற்கு ஒரு இணைப்புக் கொடுத்தால் போதும்.

சரி, தனிப் பக்கம் வைத்தாயிற்று. இப்போது மூன்று தலைப்புகள் போட்டியிடுகின்றன.

```
1. வருவார் செல்வார் வண்பரிசாரத்து – பொருள்
2. Varuvar Selvar Vanparisarathu Meaning in Tamil
3. வருவார் செல்வார் வண்பரிசாரத்து பொருள் | Varuvar Selvar Vanparisarathu
```

முதலாவது சுத்தமானது. தமிழில் தட்டுகிறவருக்கு இதைவிட நல்லது இல்லை. ஆனால் இதிலும் ஒரு சிக்கல் உண்டு. பழைய பதிப்புகளில் "வண்பரிசாரத் திருந்தவென்" என்று சந்தி சேர்த்து, சீர் பிரித்து அச்சிட்டிருப்பார்கள். அதை அப்படியே தலைப்பில் எடுத்துப் போட்டால், தேடுகிறவர் தட்டும் "வண்பரிசாரத்து" என்ற சொல் தலைப்பில் இருக்காது. யாப்பு வடிவம் பாட்டு வரியில் இருக்கட்டும், தலைப்பில் பதம் பிரித்தே எழுத வேண்டும். இன்னொன்று, "வருவார் செல்வார்" என்ற இரண்டு சொல்லோடு நிறுத்தக் கூடாது. அவை எந்தப் பேச்சிலும் வரக்கூடிய சொற்கள். இந்தப் பாட்டை அடையாளம் காட்டுவது மூன்றாவது சொல்தான். எந்தப் பாட்டானாலும் முதல் வரியில் தனித்து நிற்கும் சொல் வரும்வரை தலைப்பை நீட்ட வேண்டும்.

இரண்டாவது, அதாவது முழுக்க ஆங்கில எழுத்தில் எழுதுவது, பக்தி பாடல் பக்கங்களில் அதிகம் காணப்படுகிறது. பெரும்பாலோர் அப்படித்தானே தட்டுகிறார்கள் என்பது அதன் வாதம். ஆனால் எந்த எழுத்துக்கூட்டலில் தட்டுவார்கள்? varuvar அல்லது varuvaar. selvar, selvaar, chelvar, chelvaar என நான்கு. மூன்றாவது சொல்லில் sa, saa என்றும், thu, ttu என்றும் மாறுவதால் இன்னொரு நான்கு. பெருக்கினால் 32 வடிவம், van என்பதைப் பிரித்து எழுதினால் 64. மார்கழி மாதம் முழுக்கத் தேடப்படும் திருப்பாவை வரி என்றால் margazhi, margali இரண்டும் ஒன்றுதான் என்று தேடுபொறியே புரிந்துகொள்ளும். அதிகம் தேடப்படாத இப்படிப்பட்ட பாசுரத்துக்கு அந்த உதவியை நம்ப முடியாது.

இதைவிடப் பெரிய சிக்கல் கூகுள் தலைப்பை எப்படிக் காட்டுகிறது என்பதில் இருக்கிறது. நாம் எழுதிய தலைப்பை அது அப்படியே காட்ட வேண்டும் என்று கட்டாயம் இல்லை. பக்கத்தின் உள்ளடக்கம் தமிழ் எழுத்தில் இருந்து, தலைப்பு மட்டும் ஆங்கில எழுத்தில் இருந்தால், இரண்டும் பொருந்தவில்லை என்று கருதி, பக்கத்தில் உள்ள தமிழ்த் தலைப்பைத் தேடல் முடிவில் காட்டக்கூடும். 2022-இல் இதைக் கூகுளே இந்தி உதாரணத்தோடு அறிவித்தது. ஆக, ஆங்கில எழுத்தில் தேடுகிறவருக்காக எழுதிய தலைப்பு, அவர் கண்ணுக்கே படாமல் போகலாம்.

மூன்றாவது தலைப்புக்கும் இதே ஆபத்து உண்டு. ஒரே செய்தியை இரண்டு எழுத்தில் கோடு போட்டுச் சேர்த்து, உள்ளே தமிழ் மட்டும் இருந்தால், தமிழ்ப் பாதியை மட்டும் காட்டக்கூடும் என்றும் அதே அறிவிப்பில் இருக்கிறது. ஆனாலும் நான் மூன்றாவதைத்தான் எடுப்பேன். ஒரு நிபந்தனை: பாசுரத்தின் நான்கு அடிகளையும் ஆங்கில எழுத்தில் பக்கத்துக்குள் ஒருமுறை எழுதிவிட வேண்டும். தமிழ் பேசத் தெரிந்து படிக்கத் தெரியாத பிள்ளைகளுக்கு அது உண்மையிலேயே பயன்படும். அப்போது பக்கம் நிஜமாகவே இரண்டு எழுத்திலும் இருக்கிறது, தலைப்பு அதைத்தான் சொல்கிறது. கூகுள் அதற்குப் பிறகும் தமிழ்ப் பாதியை மட்டும் காட்டினால் காட்டட்டும். ஆங்கில எழுத்து வரி பக்கத்தில் இருக்கிறது, தேடுகிறவரின் சொல்லோடு பொருந்த ஓர் இடம் கிடைத்துவிடுகிறது.

தலைப்பில் எந்த எழுத்துக்கூட்டல்? குறைந்த எழுத்துள்ளது, போனில் அவசரமாகத் தட்டுவது: varuvar selvar. நீட்டிய வடிவத்தைப் பக்கத்தின் உள்ளே வரும் வரியில் எழுதினால் இரண்டு வகையும் அடங்கிவிடும். 32-ஐயும் தலைப்பில் அடுக்குவதால் ஒரு பலனும் இல்லை. தேடல் முடிவில் தலைப்புக்குக் கிடைக்கும் அகலம் கொஞ்சம்தான், தமிழ் எழுத்துகள் வேறு அகலமானவை. பின்பாதி வெட்டுப்படும் என்று எண்ணியே தமிழை முன்னால் வைக்கிறேன். திருப்பதிசாரம் என்ற ஊர்ப் பெயரும் திருவாய்மொழி எண்ணும் பக்கத்தின் முதல் பத்தியில் வரட்டும். ஊர்க்காரர்கள் யாரும் வண்பரிசாரம் என்று சொல்வதில்லை என்பதால் அது அவசியம்.

பக்க முகவரியில் மட்டும் ஆங்கில எழுத்தே நல்லது. தமிழ் முகவரியை வாட்ஸ்அப்பில் நகலெடுத்துப் போட்டால் பல நேரம் சதவீதக் குறிகளாக மாறிவிடும். "அருள்" என்ற ஒரு சொல்லே அப்படி 45 எழுத்தாக நீளும்.

தமிழுக்கு ஒரு பக்கம், ஆங்கில எழுத்துக்கு ஒரு பக்கம் என்று பிரிப்பவர்களும் உண்டு. பொருள் இரண்டிலும் ஒரே தமிழ் உரை என்றால் அது வீண் வேலை. கூகுள் இரண்டில் ஒன்றைத்தான் பெரும்பாலும் எடுக்கும், எதை எடுக்கும் என்பது நம் கையில் இல்லை. பொருளை ஆங்கிலத்திலேயே விளக்கினால் மட்டும் தனிப் பக்கம் நியாயம். அப்போது இரண்டு பக்கங்களிலும் hreflang குறியில் ta, en என்று மொழியைச் சொல்லி இணைத்துவிட வேண்டும்.

நம் மாவட்டத்துத் தேவாலயக் கீர்த்தனைகளுக்கும் இதே முறை போதும். பாட்டுப் புத்தகத்தின் அட்டவணையே முதல் வரி அகரவரிசையில்தானே இருக்கிறது!

தலைப்பை மாற்றிய பிறகு பலன் தெரிய, பக்கம் எந்தச் சொல்லுக்குத் தேடலில் வந்தது என்று காட்டும் கூகுளின் சர்ச் கன்சோலில் தேடல் சொற்களை `Custom (regex)` மூலம் பிரிக்கலாம்.

```
[அ-ஹ]
```

இது பொருந்துபவை தமிழில் தட்டியவை, பொருந்தாதவை ஆங்கில எழுத்தில் தட்டியவை. மிக அரிதாகத் தட்டப்படும் சொற்களைச் சர்ச் கன்சோல் காட்டாது என்பதால், சில வாரம் விட்டுப் பார்ப்பதே நல்லது. ஆங்கில எழுத்துப் பட்டியலில் பக்கம் தோன்றியும் யாரும் தொடவில்லை என்றால், அதே சொல்லைப் போனில் தட்டி, எந்தத் தலைப்பு காட்டப்படுகிறது என்று பாருங்கள். தமிழ்ப் பாதி மட்டும் வந்தால், உள்ளே ஆங்கில எழுத்து வரி கீழே எங்கோ ஒளிந்திருக்கிறதா என்று பார்த்து, அதைத் தமிழ்ப் பாசுரத்துக்கு நேர் கீழே கொண்டுவாருங்கள்.