கேரட் ஜூஸா, பொரியலா, மாத்திரையா? உள்ளங்கை மஞ்சளான கதை

யாங்கோன்ல பசுன்டாங் பக்கம் எங்க அக்கா வீட்ல போன மழைக்காலத்துல ஒரு ஜூஸர் வந்துச்சு, அன்னையில இருந்து அக்காவுக்கும் மச்சானுக்கும் காலையில ஒரு பெரிய கிளாஸ், சாயங்காலம் ஒரு பெரிய கிளாஸ் கேரட் ஜூஸ், ஆளுக்கு 600 மில்லி கணக்கு. ஒரு கப், அதாவது 240 மில்லி ஜூஸ்ல கேரட்டுக்கு நிறம் குடுக்கிற பீட்டா கரோட்டின் சுமாரா 20 மில்லிகிராம் இருக்கும், அப்ப தினம் 50 உள்ள போகுது. 30க்கு மேல வாரக்கணக்கா போனாலே தோல்ல நிறம் ஏற ஆரம்பிக்கும். ஆறாவது வாரம் ஏறிடுச்சு. அக்கா மூஞ்சியில எந்நேரமும் தானாகா மரப்பட்டை விழுது பூசியிருக்கும், அதனால யாருக்கும் தெரியல, சப்பாத்திக்கு மாவு பிசையும்போதுதான் வெள்ளை மாவுக்கு நடுவுல உள்ளங்கை மட்டும் ஆரஞ்சா நின்னுச்சு.

வீடே மஞ்சக்காமாலைன்னு பதறிடுச்சு, பக்கத்து வீட்டு அத்தை கீழாநெல்லியோட வந்துட்டாங்க. பதறினது தப்பில்ல, கல்லீரல் அழற்சி இங்க சாதாரணமா இருக்கிற நோய்தான். ஆனா ரெண்டுக்கும் வித்தியாசம் பாக்க முடியும். காமாலைன்னா பிலிரூபின்ங்கிற மஞ்ச நிறமி கண்ணு வெள்ளையில போய் ஒட்டும், முதல்ல கண்ணுதான் மஞ்சளாகும், மூத்திரம் கடுந்தேயிலை மாதிரி போகும், சிலருக்கு உடம்பு அரிக்கும். கரோட்டின் அப்படி இல்ல, அது கொழுப்புல கரையுற சாயம், வேர்வையோட வெளிய வந்து தோலோட மேல்படலத்துல தங்கும், அதான் தோல் தடியா இருக்கிற உள்ளங்கை, உள்ளங்கால்லயும், அப்புறம் மூக்கோரத்துலயும் தெரியுது, கண்ணு வெள்ளையாவே இருக்கும். நம்ம மாநிறத்துக்கு உடம்புல தெரியாமலே போகும், கையில மட்டும் தெரியும். பாக்குறதை பகல் வெளிச்சத்துல பாருங்க, மஞ்ச பல்புக்கு கீழ பாத்தா எல்லாருக்கும் காமாலைதான். அக்கா ரத்தமும் குடுத்து பாத்தாங்க, பிலிரூபின் நார்மல்.

சரி, நிறம் ஏறினது ஆபத்தா? நிறம் மட்டும்னா இல்ல. கரோட்டினை வைட்டமின் ஏ-வா மாத்துறதை குடல் தேவைக்குத் தக்கபடிதான் செய்யும், போதும்னா குறைச்சுக்கும், மிச்சம் சாயமாவே தோல்ல கிடக்கும். அதனால கேரட் மட்டும் தின்னு வைட்டமின் ஏ நஞ்சாகாது. 1974ல லண்டன் பக்கம் குரோய்டன்ல ஒருத்தர் கேரட் ஜூஸ் குடிச்சே செத்தாருன்னு இன்னும் சொல்லிட்டு திரியுறாங்க, அவரு கூடவே வைட்டமின் ஏ மாத்திரையையும் பயங்கர அளவுல முழுங்கியிருந்தாரு, அதை மட்டும் விட்டுட்டு சொல்றாங்க. வைட்டமின் ஏ மாத்திரையிலயும் மீன் ஈரல் எண்ணெயிலயும் ஈரல்லயும் இருக்கிறது ரெடிமேட் வைட்டமின் ஏ, அதுக்கு குடல்ல எந்த தடுப்பும் கிடையாது, நேரா கல்லீரல்ல போய் சேரும்.

இப்ப அடுத்த கூத்து. யாரோ மச்சான்கிட்ட, ஜூஸ் பிழியுற தொல்லை எதுக்கு, பீட்டா கரோட்டின் மாத்திரை போடுங்கன்னு சொல்லிட்டாங்க. மச்சான் சுருட்டு புடிக்கிற ஆளு. எனக்கு கோவம் வந்ததே இங்கதான். பின்லாந்துல புகை பிடிக்கிற ஆம்பளைங்களுக்கு தினம் 20 மில்லிகிராம் மாத்திரை குடுத்து பாத்தாங்க, 1994ல முடிவு வந்தப்ப நுரையீரல் புற்றுநோய் குறையறதுக்கு பதிலா 18 சதவீதம் கூடியிருந்துச்சு. அமெரிக்காவுல இதே மாதிரி இன்னொரு ஆய்வை 1996ல முடியுறதுக்கு முன்னாடியே நிறுத்துனாங்க. ரெண்டுமே மாத்திரை வச்சு பாத்தது, கேரட்ட வச்சு இல்ல. ஆனாலும் சுருட்டு புடிக்கிறவருக்கு மூணுல மோசமானது மாத்திரைதான்னு நான் அடிச்சு சொல்லுவேன், தோல் நிறம் மாறுதோ இல்லையோ.

ஜூஸையும் பொரியலையும் வச்சு பாத்தா, பொரியல்தான் என் ஓட்டு. 600 மில்லி பிழிய ஒரு கிலோவுக்கு மேல கேரட் வேணும், ஒரு கிலோ கேரட்டை யாரும் ஒரே நாள்ல மென்னு தின்ன மாட்டோம், வயிறே போதும்னு சொல்லிடும், ஜூஸ்னா அந்த பிரேக் இல்ல. நார் சக்கையோட போயிடுது, சர்க்கரை மட்டும் 20 கிராமுக்கு மேல உள்ள போகுது, சுகர்காரங்க கவனிக்கணும். பொட்டாசியமும் ஏராளம், கிட்னி சரியில்லாதவங்க தினம் ரெண்டு கிளாஸ் குடிக்கிறது நல்லதே இல்ல. பொரியல்ல எண்ணெய் ஊத்துறோம்ல, வெந்த கேரட்டும் எண்ணெயும் சேந்தா கரோட்டின் நல்லாவே உடம்புல சேரும்.

ஒண்ணு மட்டும் பாத்துக்கங்க. அளவா சாப்பிட்டும் கை மஞ்சளானா கேரட்டை குத்தம் சொல்லிட்டு விட்டுடாதீங்க, தைராய்டு மந்தமா இருந்தாலோ சுகர் இருந்தாலோ கிட்னி கோளாறு இருந்தாலோ ரத்தத்துல கரோட்டின் தேங்கும், அதை டெஸ்ட் பண்ணி பாக்கணும்.

அக்கா ஜூஸை நிறுத்தி மூணு மாசம் ஆச்சு. கை வெளுத்துடுச்சு, குதிகால்ல மட்டும் இன்னும் லேசா நிக்குது, செருப்ப கழட்டினா மச்சான் கிண்டல் பண்றாரு. ஜூஸர் அலமாரி மேல ஏறிடுச்சு.