எதிர்க்கடை சொல்வதா, வாடிக்கையாளர் கேட்பதா?

வெள்ளவத்தையில் என் மச்சாள் சாரிச் சட்டை தைக்கும் சிறிய கடை வைத்திருக்கிறாள். காலி வீதியில் மூன்று பெரிய கடைகள் அவளுக்குப் போட்டி. அவர்களோடு சரிக்குச் சரி விளம்பரம் செய்யக் காசில்லை. அவர்கள் சொல்லாமல் விட்டது ஏதாவது உண்டா என்று இரண்டு வழிகளில் தேடினோம்.

முதல் வழி, மெட்டாவின் விளம்பர நூலகம்: facebook.com/ads/library. இலவசம்தான். நாட்டையும் கடையின் பெயரையும் கொடுத்தால், இப்போது ஓடும் விளம்பரங்களும் அவை தொடங்கிய திகதியும் வரும். ஒவ்வொன்றுக்கும் அதன் பிரதான வாக்குறுதியை மட்டும் கொப்பியில் எழுதினோம். 22 விளம்பரங்களில் 12 விலைக்கழிவு, 7 மணப்பெண் வடிவமைப்பு, மிச்சம் பண்டிகை வாழ்த்து. தமிழில் இருந்தவை இரண்டே இரண்டு.

"தமிழில் போட்டால் போதும்" என்று மச்சாள் துள்ளினாள். எனக்கு அதில் நம்பிக்கை வரவில்லை. எந்தக் கடையும் மறுநாளே தமிழில் போட்டுவிடலாமே. நூலகத்துக்கும் குறைகள் உண்டு. இங்குள்ள சாதாரண வணிக விளம்பரங்களுக்குச் செலவு எவ்வளவு என்று அது காட்டாது. நிறுத்திய விளம்பரமும் மறைந்துவிடும், ஆகவே ஆடியில் பார்ப்பவருக்குத் தீபாவளி விளம்பரம் கிடைக்காது. நெடுநாள் ஓடும் விளம்பரம் பலன் தருகிறது என்பார்கள். நிறுத்த மறந்ததாகவும் இருக்கலாம்.

இரண்டாவது வழி அலுப்பானது, ஆனால் எனக்குப் பிடித்தது: அதே கடைகளின் பதிவுகளுக்குக் கீழே மக்கள் கேட்பதை வாசிப்பது. அதிகம் கேட்டது விலை. "உள்பெட்டிக்கு வாருங்கள்" என்பதே பதில். அடுத்தது, "எப்போது கிடைக்கும்? 12ஆம் திகதி கலியாணம்." இதற்குப் பெரும்பாலும் பதிலே இல்லை. கடைக்காரர் அழித்த முறைப்பாடுகள் இங்கே தெரியாது என்பதையும் மறக்கக் கூடாது.

ஆக, இரண்டு இடைவெளிகள். விலைப்பட்டியலை வெளியே போட்டால் பெரிய கடை ஐம்பது ரூபாய் குறைத்து அவளை முடித்துவிடும். நாள் தவறாமை வேறு கதை. அந்தக் கடைகள் தையலை வெளியே கொடுத்து வாங்குகின்றன. நாளுக்கு உத்தரவாதம் கொடுப்பது அவர்களுக்குக் கடினம்.

அவளால் மட்டும் முடியுமா? பற்றுச்சீட்டுப் புத்தகத்தைப் புரட்டினோம். கடைசி 40 ஓடர்களில் 37 சொன்ன நாளில் போயிருந்தன. பிந்திய மூன்றுமே ஆரி வேலைப்பாடு செய்தவை. அந்த வேலையை அவளும் வெளியேதான் கொடுக்கிறாள். எனவே வாக்குறுதியைச் சுருக்கினோம்: "ஆரி வேலை இல்லாத சட்டை, சொன்ன நாளில் வராவிட்டால் தையற்கூலி வேண்டாம்."

அந்த வரியைத் தமிழிலேயே போட்டாள். நூலகத்தில் செலவழித்த மாலையும் வீணாகவில்லை.