நோட்டீஸ் கிளம்ப வேண்டிய நாள்: ஒப்பந்தக் காலண்டருடன் மூன்று வருடம்

திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தில் நிர்வாகப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். லிஃப்ட், ஜெனரேட்டர், கம்ப்ரஸர், வாடகை பிரிண்டர், லீஸ்டு லைன், வருகைப்பதிவு மென்பொருள் என்று எங்களிடம் 41 சேவை ஒப்பந்தங்கள் இருக்கின்றன. அவற்றில் 23 ஒப்பந்தங்கள், நாம் வாய் திறக்காவிட்டால் தாமாகவே அடுத்த தவணைக்குப் போய்விடும். 2022-இன் நடுவிலிருந்து இவற்றின் தேதிகளை ஒரு கூகுள் ஷீட்டிலும் ஒரு பொதுக் காலண்டரிலும் வைத்துப் பயன்படுத்தி வருகிறேன். அந்த அனுபவத்தை எழுதுகிறேன்.

தொடங்க வைத்தது ஒரு நஷ்டம். வருகைப்பதிவு மென்பொருளின் ஒப்பந்தம் 2022 மார்ச் 31-இல் முடிய வேண்டியது. வேறு மென்பொருளுக்கு மாறுவதென்று முடிவெடுத்து, மார்ச் 10 அன்று "புதுப்பிக்க வேண்டாம்" என்று மெயில் அனுப்பினேன். இருபது நாள் முன்னதாகவே சொல்லிவிட்டோம் என்று நிம்மதியாக இருந்தேன். பதிலில் ஒப்பந்தத்தின் ஒரு பிரிவை எடுத்துக் காட்டினார்கள்: முடிவதற்குக் குறைந்தது 60 நாள் முன்பு எழுத்து மூலம் தெரிவிக்காவிட்டால் இன்னொரு வருடம் நீளும். ஜனவரி 30-லேயே கதவு அடைபட்டிருந்தது. பயன்படுத்தாத மென்பொருளுக்கு ஒரு வருடக் கட்டணம் முழுதும் கட்டினோம். அன்று என் டைரியில் மார்ச் 31 என்று சிவப்பு மையில் எழுதி வைத்திருந்தேன். எழுதி வைத்த தேதியே தவறான தேதி.

முதல் வேலையாக எல்லா ஒப்பந்தங்களையும் ஓரிடத்தில் சேர்த்தேன். பாதிக்கு மேல் ஸ்கேன் செய்த பிடிஎஃப். கூகுள் டிரைவில் ஏற்றி கூகுள் டாக்ஸில் திறந்தால் எழுத்துகளைப் படித்துத் தரும். அதில் `renew`, `successive`, `prior to`, `written notice` என்று தேடினால் புதுப்பித்தல் பிரிவு பெரும்பாலும் அகப்படும். ஆனால் எண்களை மட்டும் அந்தப் பிரதியிலிருந்து எடுக்காதீர்கள். முத்திரை விழுந்த இடத்தில் 60 என்பது 50 ஆகப் படிக்கப்பட்டதை நானே பார்த்தேன். தேடல் பக்கத்தைக் காட்டட்டும், எண்ணை அசல் பக்கத்தில் கண்ணால் பாருங்கள்.

ஒரு பிரிவை மட்டும் படித்தால் தேதி கிடைக்காது என்பது எனக்குப் புரிய ஆறு மாதம் ஆயிற்று. புதுப்பித்தல் பிரிவு "முடிவதற்கு 90 நாள் முன்" என்று சொல்லும். எப்போது முடிகிறது என்பது ஒப்பந்தக் காலம் பற்றிய பிரிவில் இருக்கும். அந்தக் காலம் எந்த நாளில் தொடங்குகிறது என்பது சில சமயம் வரையறைகளில், சில சமயம் பின்னிணைப்பில். நோட்டீஸை எப்படி அனுப்ப வேண்டும், எந்த நாளில் சேர்ந்ததாகக் கொள்ளப்படும் என்பது கடைசிப் பக்கங்களில், யாரும் படிக்காத "அறிவிப்புகள்" என்ற தலைப்பின் கீழ். நான்கையும் சேர்த்தால்தான் ஒரு நாள் கிடைக்கும்.

இதில் அதிகம் சறுக்குவது தொடக்க நாள். நம்மூர் ஒப்பந்தத்தின் முதல் பக்கத்தில் முத்திரைத்தாள் வாங்கிய தேதி பளிச்சென்று தெரியும். அது கையெழுத்துப் போட்ட தேதி அல்ல. கையெழுத்துத் தேதியும் சேவை தொடங்கிய தேதியாக இருக்கவேண்டும் என்பதில்லை. எங்கள் லிஃப்ட் பராமரிப்பு ஒப்பந்தம் ஜூனில் கையெழுத்தானது, ஆனால் "ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு" என்று உள்ளே ஒரு வரி இருந்தது. கையெழுத்துத் தேதியை வைத்துக் கணக்கிட்டிருந்தால் இரண்டு மாதம் தாமதமாகியிருப்போம்.

ஒரு ஒப்பந்தத்தை முழுதாகச் சொல்கிறேன். வாடகை பிரிண்டர்கள், 2022 மார்ச் 18 அன்று கையெழுத்து. காலம் 36 மாதம், இயந்திரங்கள் நிறுவப்பட்டு நாங்கள் ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து. நிறுவல் அறிக்கையில் கையெழுத்தானது 2022 மே 4. ஆக முடியும் நாள் 2025 மே 3. அதற்குக் குறைந்தது 90 நாள் முன் நோட்டீஸ் அவர்கள் கையில் இருக்கவேண்டும்: 2025 பிப்ரவரி 2. அது ஞாயிற்றுக்கிழமை. சனி, ஞாயிறு வேலை நாள் அல்ல என்று ஒப்பந்தமே வரையறுத்திருந்ததால் ஜனவரி 31 வெள்ளிக்கு வந்தேன். தபாலில் அனுப்பினால் ஐந்து வேலை நாள் கழித்துச் சேர்ந்ததாகக் கொள்ளப்படும் என்று அறிவிப்புப் பிரிவு சொன்னது. ஆக, தபாலில் சேர்க்கவேண்டிய கடைசி நாள் ஜனவரி 24. மே 3 என்று தொடங்கிய கணக்கு பொங்கல் விடுமுறை முடிந்த கையோடு வந்து நின்றது.

ஷீட்டில் இது மூன்று வரி. B தொடக்க நாள், C மாதங்கள், D நோட்டீஸ் நாட்கள், E தபாலுக்கான வேலை நாட்கள். விடுமுறைப் பட்டியல் தனித் தாளில்.

```
F2: =EDATE(B2,C2)-1
G2: =WORKDAY(F2-D2+1,-1,Holidays!A$2:A$60)
H2: =WORKDAY(G2,-E2,Holidays!A$2:A$60)
```

F முடியும் நாள், G நோட்டீஸ் சேரவேண்டிய கடைசி நாள், H அனுப்பவேண்டிய கடைசி நாள். ஒப்பந்தம் "60 நாள்" என்று சொல்கிறதா "இரண்டு மாதம்" என்று சொல்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். மார்ச் 31-இல் முடியும் ஒப்பந்தத்துக்கு முதலாவது ஜனவரி 30, இரண்டாவது ஜனவரி 31. மாதக் கணக்கென்றால் D-ஐக் கழிப்பதற்குப் பதில் அங்கேயும் `EDATE` போடவேண்டும். சில ஒப்பந்தங்களில் முன்பக்கமும் அடைப்பு உண்டு: 180 நாளுக்கு முன்னதாகவும் அனுப்பக்கூடாது, 90 நாளுக்குப் பின்னும் அனுப்பக்கூடாது. அப்படிப்பட்டவற்றுக்குக் கதவு திறக்கும் நாளையும் தனியாகக் குறிக்கிறேன். சீக்கிரமே அனுப்பிவிட்டோம் என்ற நிம்மதி அங்கே பொய்யாகிவிடும்.

இனி காலண்டர். முதல் வருடம் ஒரே நிகழ்வைப் போட்டு, 90 நாள் முன் நினைவூட்டு என்று அமைக்கப் பார்த்தேன். கூகுள் காலண்டர் நான்கு வாரத்துக்கு மேல் முன்னதாக நினைவூட்டாது. அதனால் ஒவ்வொரு ஒப்பந்தத்துக்கும் மூன்று தனி நிகழ்வுகள்: அனுப்பும் நாளுக்கு 45 நாள் முன் "தொடர்வதா, முடிவு செய்க", அனுப்பும் நாள், அதிலிருந்து ஒரு வாரத்தில் "சேர்ந்ததற்கு அத்தாட்சி உள்ளதா". பிரிண்டருக்கு முதல் நிகழ்வு 2024 டிசம்பர் 10-இல் விழுந்தது. இந்த 45 நாள் எங்களுக்குத் தேவைப்படுகிறது. யூனிட் மேலாளர்களிடம் கேட்டு, வேறு இரண்டு விலைப்புள்ளி வாங்கி, முதலாளி சரி சொல்ல அவ்வளவு ஆகிறது.

நிகழ்வுகளை ஷீட்டிலிருந்து சிஎஸ்வி கோப்பாக ஏற்றுகிறேன். தேதி மாதம்/நாள்/வருடம் என்ற வரிசையில் போகவேண்டும்.

```
Subject,Start Date,All Day Event,Description
நோட்டீஸ் அனுப்பு: பிரிண்டர்,01/24/2025,TRUE,பிரிவு 14.2
```

நம் வழக்கப்படி நாளை முன்னால் எழுதினால், 12-க்கு மேற்பட்ட நாட்கள் பிழையென்று தெரிந்துவிடும். 12 வரையுள்ளவை சத்தமில்லாமல் மாறி உட்கார்ந்துகொள்ளும். மார்ச் 5 மே 3 ஆகிவிடும். ஷீட்டில் `TEXT(H2,"mm/dd/yyyy")` போட்ட பிறகுதான் இது நின்றது. அதே கோப்பை இரண்டாம் முறை ஏற்றினால் எல்லாம் இரட்டிப்பாகும் என்பதால் புதியவற்றை மட்டும் ஏற்றுகிறேன். ஆண்டுதோறும் திரும்ப வரும்படி நிகழ்வை அமைப்பதையும் விட்டுவிட்டேன். முதல் காலம் 36 மாதம், புதுப்பித்தால் 12 மாதம் என்று இருக்கும் ஒப்பந்தத்துக்கு அது பொய்த் தேதிகளைக் காட்டும். ஒவ்வொரு முறை புதுப்பித்ததும் வரியைப் புதிதாக எழுதவேண்டும். அது அலுப்பான வேலைதான், ஆனால் வேறு வழி எனக்குத் தெரியவில்லை. காலண்டர் என் பெயரில் இல்லை, நிர்வாகப் பிரிவின் பொதுக் கணக்கில் இருக்கிறது. 2023-இல் என் உதவியாளர் வேலையை விட்டுப் போனபோது அவர் கணக்கில் இருந்த நினைவூட்டல்கள் அவரோடு போனதிலிருந்து இப்படி.

பிரிண்டருக்கு வருகிறேன். ஜனவரி 20 திங்களன்று ஸ்பீடு போஸ்ட்டில் நோட்டீஸ் போனது, மெயிலிலும் போனது. ஒப்பந்தத்தில் இருந்த முகவரி பழையது. நிறுவன விவகார அமைச்சகத்தின் தளத்தில் அந்த நிறுவனத்தின் இப்போதைய பதிவு அலுவலக முகவரியைப் பார்த்து, இரண்டு இடத்துக்கும் அனுப்பினோம். 23-ஆம் தேதி இரண்டும் சேர்ந்தன.

பிப்ரவரியில் அவர்களுடைய விற்பனைப் பிரிவிலிருந்து ஒருவர் பேசினார்.

"சார், உங்க நோட்டீஸ் லேட். கையெழுத்து மார்ச் 18. மார்ச் 17-ல முடியுது. டிசம்பர் 17-க்குள்ள வந்திருக்கணும். இன்னும் ஒரு வருஷம் ஆட்டோமேட்டிக்கா ஓடும்."

"கையெழுத்து மார்ச் 18 தாங்க. ஆனா பிரிவு 3-ல நிறுவின நாள்லருந்துன்னு போட்டிருக்கு. உங்க இன்ஜினியர் கையெழுத்துப் போட்ட ரிப்போர்ட் மே 4. இப்பவே அனுப்புறேன், பாருங்க."

ஷீட்டில் தொடக்க நாளுக்குப் பக்கத்திலேயே அந்த அறிக்கையின் இணைப்பு இருந்தது. பேசிக்கொண்டிருக்கும்போதே அனுப்பினேன். மறுநாள் மெயிலில் ஒப்புக்கொண்டார்கள். அந்த அறிக்கை கைவசம் இல்லாமல் போயிருந்தால் நான் என்ன வாதாடியிருந்தாலும் எடுபட்டிருக்காது. அதனால் இப்போது ஒரு விதி: தொடக்க நாளுக்குச் சான்று கிடைக்காத ஒப்பந்தத்தில், இருக்கும் தேதிகளில் மிக முந்தியதை எடுத்துக்கொள்கிறேன். இப்போது ஆறு ஒப்பந்தங்கள் அப்படி மஞ்சள் நிறத்தில் நிற்கின்றன.

கார்டில் தானாகப் பிடித்தம் ஆகும் சிறு மென்பொருள் சந்தாக்கள் பற்றி ஒன்று. ரிசர்வ் வங்கி விதிப்படி பிடித்தத்துக்குக் குறைந்தது 24 மணி நேரம் முன் வங்கி தகவல் அனுப்பும். அதையே நினைவூட்டலாக வைத்துக்கொள்ளலாம் என்று எங்கள் கணக்குப் பிரிவில் நினைத்தார்கள். 30 நாள் நோட்டீஸ் கேட்கும் சந்தாவுக்கு அது 29 நாள் பிந்தி வருகிறது. பிடித்தத்துக்கான அனுமதியை ரத்து செய்தால் பணம் போவதுதான் நிற்கும். ஒப்பந்தப்படி தரவேண்டிய தொகை நிலுவையாக நிற்கும். இவற்றையும் அதே ஷீட்டில் சேர்த்துவிட்டேன்.

இன்னும் சரியாகாதது ஒன்று உண்டு. ஒரே தலைமை ஒப்பந்தத்தின் கீழ் பல ஆர்டர்கள் போடும் லீஸ்டு லைன் போன்றவற்றில் ஒவ்வொரு இணைப்புக்கும் தனித் தொடக்க நாள். எங்கள் நான்கு யூனிட்டுக்கும் நான்கு வரி, நான்கு நோட்டீஸ். இந்த ஆண்டு பேச்சுவார்த்தையில் எல்லாவற்றையும் ஒரே நாளில் முடியும்படி மாற்றித் தரக் கேட்டிருக்கிறோம். மூன்று யூனிட்டுக்குச் சரி என்றிருக்கிறார்கள்; பல்லடம் யூனிட்டுக்கு மட்டும் இன்னும் பதில் வரவில்லை.